பயாப்சிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் 14 நாள்

"அக்கா, எனக்கு வயது 47, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இடது மார்பில் கட்டி. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் பார்த்து பைராட்ஸ் 4பி என்று எழுதினார்கள். போன செவ்வாய்க்கிழமை பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு 2 வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இன்று ஞாயிறு. நான்கு ராத்திரியாகத் தூக்கமில்லை. இவ்வளவு நாள் எடுக்கிறார்கள் என்றாலே கெட்டது என்று அர்த்தமா? மீதி நாளை எப்படித் தள்ளுவது?"

இல்லை தங்கச்சி, அந்த அர்த்தம் இல்லை. இரண்டு வாரம் என்ற தேதியை அவர்கள் சொன்னது உங்கள் சதையை எடுத்த அன்றே. அப்போது அதை யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கவில்லை. அந்தத் தேதிக்கும் உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதற்கும் தொடர்பே கிடையாது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி லேப்பில், சதைப் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்தவள் நான். உங்களுடையதைப் போன்ற துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, சாயம் போட்டு டாக்டர் மேசையில் வைப்பதுதான் என் தொழில். அதனால் முதலில் உங்கள் துண்டுகள் இந்த ஐந்து நாளில் எங்கே போயின என்று சொல்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற பயத்தில் பாதி, அந்த மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது.

செவ்வாய்க்கிழமை ஊசியில் வந்தவை மெல்லிய நூல் மாதிரியான துண்டுகள். ஒன்றரை, இரண்டு செண்டிமீட்டர் நீளம், தீக்குச்சியை விட ஒல்லி. நான்கு, ஐந்து துண்டு எடுத்திருப்பார்கள். அவை உடனே ஃபார்மலின் பாட்டிலுக்குள் போயிருக்கும். அதற்குள் குறைந்தது 6 மணி நேரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் சதை உள்ளே சரியாகப் பதப்படாது, பின்னால் போடுகிற ஹார்மோன் சோதனை தவறாகக் காட்டும். புற்றுநோய் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் இருந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதில் தவறு வரும். ஆகவே முதல் நாள் யாருடைய சோம்பலாலும் போகவில்லை, ரசாயனம் கேட்கிற நேரம் அது.

புதன்கிழமை துண்டுகளை எண்ணி, அளந்து, நம்பர் போட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பார்கள். கேசட் என்போம். அன்று சாயங்காலம் அது மெஷினுக்குள் போகும். ராத்திரி முழுக்க ஆல்கஹாலில் தண்ணீர் இறங்கும், சைலீனில் ஆல்கஹால் இறங்கும், கடைசியில் உருகிய மெழுகு உள்ளே ஏறும். வியாழன் காலையில் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவுவோம். தலைமுடி ஒன்றின் கனத்தை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு நீலமும் ரோஸும் கலந்த சாயம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வெள்ளிக்கிழமை உங்கள் ஸ்லைடு பேத்தாலஜிஸ்ட் மேசையில் இருந்திருக்கும். சனி, ஞாயிறு பினாங்கில் விடுமுறை. இன்று உங்கள் ஸ்லைடு பெரும்பாலும் ஒரு தட்டில் வரிசையில் படுத்திருக்கிறது. நீங்கள் இன்று எத்தனை முறை கைப்பேசியைப் பார்த்தாலும் அது நகராது.

இனி நாளைக்கு என்ன ஆகலாம் என்று பார்ப்போம், ஏனென்றால் நாள் கூடுவது இங்கேதான். ஸ்லைடைப் பார்த்த டாக்டருக்கு ஒரே பார்வையில் சாதாரணக் கட்டி என்று தெரிந்தால் அன்றே எழுதிவிடுவார். ஒரே பார்வையில் புற்றுநோய் என்று தெரிந்தால் அங்கே நிற்காது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், ஹெர்-2 என்று மூன்று சோதனைக்கு மறுபடி சீவல் கேட்பார், அதற்கு இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். அந்த ஹெர்-2 நடுவாக வந்தால் இன்னொரு சோதனைக்குப் போக வேண்டும், பல இடங்களில் அதை வேறு லேப்புக்குத்தான் அனுப்புவார்கள். இதை மறைக்காமல் சொல்கிறேன்: கெட்ட செய்தியாக இருந்தாலும் நாள் கூடத்தான் செய்யும்.

ஆனால் நல்ல செய்திக்கும் அதே அளவு நாள் கூடும், இதுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நம் பெண்களுக்கு மார்பில் ஒரு வகை வீக்கம் வரும், கிராணுலோமா என்பார்கள். கையில் தொட்டாலும் ஸ்கேனில் பார்த்தாலும் புற்றுநோய் போலவே இருக்கும். அது காசநோயா இல்லையா என்று பார்க்கத் தனிச் சாயம் போட வேண்டும். பால்குழாய்க்குள் வளரும் சிறிய காம்புக் கட்டிகளுக்கும் கூடுதல் சாயம் தேவைப்படும். சில சமயம் ஊசி கட்டியின் ஓரத்தில் பட்டிருக்கும், அப்போது மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார்கள். சில சமயம் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்பார். அந்த இரண்டாவது டாக்டர் லீவில் இருந்தால் அதற்கே இரண்டு நாள் போய்விடும். சாம்பிள் கெடா மாநில லேப் ஒன்றுக்குப் போனால் அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை, நடுவில் இன்னொரு நாள் தொலையும். ஆகவே தாமதத்தை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது. அது இரண்டு பக்கமும் பேசும்.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு சமயம் அந்த ஜோசியம் பார்த்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் எனக்கு வலது மார்பில் கட்டி. நான் வேலை பார்த்த இடத்தில் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, என் ஸ்லைடை என் சிநேகிதிகள் பார்ப்பார்கள் என்ற கூச்சம். வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 10 நாள் என்றார்கள். பத்தாம் நாள் போன் செய்தால் "இன்னும் வரவில்லை" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் முடிவே கட்டிவிட்டேன்: ஹார்மோன் சோதனைக்குப் போயிருக்கிறது, ஆகவே புற்றுநோய். சதையைச் சீவும் மைக்ரோடோம் மெஷினைத் தினமும் கையால் சுற்றுகிறவள், தொழில் அறிவை முழுக்க என்னைப் பயமுறுத்தவே பயன்படுத்தினேன். என் மகளின் கல்யாணத்துக்கு நான் இருப்பேனா என்று தண்ணீர்மலைப் படியில் உட்கார்ந்து அழுதேன். 17ஆம் நாள் ரிப்போர்ட் கிடைத்தது. ஸ்க்ளெரோசிங் அடினோசிஸ், புற்றுநோய் இல்லை. அது மைக்ரோஸ்கோப்பில் புற்றுநோயின் வேஷம் போடும் ஒன்று. சுரப்பியைச் சுற்றி ஒரு வரிசைச் செல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்த்தால்தான் வேஷம் கலையும். அந்தச் சாயத்துக்குத்தான் நாள் ஆகியிருக்கிறது. என்னைக் காப்பாற்றிய சோதனையை நான் என் சாவுச் சீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் இன்னொன்றும் தெரிந்தது. ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துத் தேதியைப் பார்த்தேன், பன்னிரண்டாம் நாளே முடிந்திருக்கிறது. மீதி ஐந்து நாள் அது கிளினிக்கில் ஒரு தட்டில் கிடந்திருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை, கேட்டால் கெட்டது வந்துவிடும் என்பது போல.

அதனால்தான் இந்தக் காத்திருப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று சதை கேட்கிற நேரம், அதை யாரும் குறைக்க முடியாது. இன்னொன்று காகிதம் தூங்குகிற நேரம், அதை ஒரு போன் குறைக்கும். நாளை மறுநாள் செவ்வாய் உங்களுக்கு ஏழாம் நாள், அன்று வேண்டாம். வெள்ளிக்கிழமை, அதாவது பத்தாம் நாள், காலையில் 10 மணிக்கு மேல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். அப்பாய்ன்மென்ட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐ.சி. நம்பரைச் சொல்லி, "ரிப்போர்ட் எச்.பி.இ. சாயா சுடா கெலுவார்?" என்று மட்டும் கேளுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சதைப் பரிசோதனை முடிவுக்கு எச்.பி.இ. என்றுதான் பெயர், பயாப்சி ரிசல்ட் என்றால் சில கவுண்டரில் முழிப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள், போனில் சொல்ல மாட்டார்கள். சொல்ல மறுப்பதும் ஓர் அறிகுறி இல்லை, நல்ல ரிப்போர்ட்டையும் போனில் படிக்க மாட்டார்கள். வந்துவிட்டது என்றால் முன்னாலேயே வந்து டாக்டரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், எந்த லேப்புக்குப் போயிருக்கிறது, அடுத்து எந்த நாளில் கேட்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அடுத்த நாள் வரும் வரை போனை மறந்துவிடலாம். கேட்க ஒரு நாள் குறித்து வைத்திருந்தால் மற்ற நாட்களில் கேட்க வேண்டியதில்லை, எனக்கு அந்த ஒழுங்கு அப்போது தெரியவில்லை.

அவர்களே முன்னால் கூப்பிட்டால்? நெஞ்சு நின்றுவிடும், தெரியும். கெட்டதாக இருந்தால் சீக்கிரம் பார்க்கத்தான் விரும்புவார்கள், அது உண்மை. ஆனால் துண்டு போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்பதற்கும் கூப்பிடுவார்கள், டாக்டர் அன்று கோர்ஸுக்குப் போகிறார், தேதி மாற்ற வேண்டும் என்பதற்கும் கூப்பிடுவார்கள். போனிலேயே "எதற்காக?" என்று கேட்கலாம், தப்பில்லை.

இப்போது அந்த 4பி. நீங்கள் அதை இணையத்தில் தேடியிருப்பீர்கள், தேடாதவர் யாரும் இல்லை. 4பி என்பது, ஸ்கேனில் இப்படித் தெரிகிற 100 பெண்களில் 10 பேரிலிருந்து 50 பேர் வரை புற்றுநோய் இருக்கலாம் என்ற வகை. அதாவது 50 பேருக்காவது இல்லை. இதைக் கேட்டும் மனம் சும்மா இருக்காது, அதற்கும் காரணம் இருக்கிறது. 2016இல் லண்டனில் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் கற்கள், சில கல்லுக்கு அடியில் பாம்பு. பாம்பு வந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்சாரம் தொடும். கண்டிப்பாக மின்சாரம் தொடும் என்று தெரிந்தபோது அவர்களுக்கு இருந்த பதற்றத்தை விட, தொடுமா தொடாதா என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் கண்மணியும் அதிகப் பதற்றத்தைக் காட்டின. நீங்கள் இப்போது சரியாக அந்த நடு இடத்தில் நிற்கிறீர்கள். "கெட்டது என்றாலும் பரவாயில்லை, சொல்லித் தொலையுங்கள்" என்று ராத்திரி தோன்றியிருக்கும். அது நோய் இருப்பதை உள்மனம் சொல்வது இல்லை. நடுவில் நிற்கும் உடம்பு எந்தப் பக்கமாவது சாய்ந்துவிடத் துடிப்பது.

அதனால் உங்களிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவில் வக்கீல் பரீட்சை எழுதிவிட்டு நான்கு மாதம் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. கவலையை அடக்கப் பார்த்தவர்கள், நல்லதையே நினைக்கப் பார்த்தவர்கள், யாருக்கும் அந்த முயற்சியால் காத்திருப்பு பெரிதாக லேசாகவில்லை. கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவர்கள் தோல்வி வந்தபோது மற்றவர்களை விட நன்றாகத் தாங்கினார்கள், வெற்றி வந்தபோது மற்றவர்களை விட அதிகம் சந்தோஷப்பட்டார்கள். பரீட்சையும் நோயும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "நான் இப்படிப் பயந்து பயந்தே நோயை வரவழைக்கிறேனோ" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வரும், எனக்கு வந்தது. கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது செவ்வாய்க்கிழமையே ஃபார்மலினில் உறைந்துவிட்டது. இனி நீங்கள் அழுதாலும் சிரித்தாலும் அந்த ஸ்லைடில் ஒரு செல் கூட மாறாது.

கவலையை ஒழிக்க முடியாது என்றால் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். 1983இல் அமெரிக்காவில் தாமஸ் போர்கோவெக் என்ற மனோதத்துவ ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் அதே நேரம், அதே இடம், அரை மணி நேரம், கவலைப்பட மட்டும். உங்களுக்கு சாயங்காலம் ஆறரை சரிப்படும் என்று நினைக்கிறேன், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால். படுக்கை அறையில் வேண்டாம், படுத்துக்கொண்டும் வேண்டாம். வாசல் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. வருகிற எண்ணத்தையெல்லாம் எழுதுங்கள். "கீமோ என்றால் ஃபேக்டரியில் எத்தனை நாள் லீவு கிடைக்கும்?" என்பது பதில் உள்ள கேள்வி, அதன் பக்கத்தில் யாரிடம் கேட்பது என்று எழுதுங்கள். "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்பதற்கு இன்று பதில் இல்லை, அதன் பக்கத்தில் ரிப்போர்ட் தேதியை எழுதுங்கள். அரை மணி முடிந்ததும் நோட்டை மூடி எழுந்துவிட வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு அதே கேள்வி வரும். அப்போது "போ" என்று விரட்டாதீர்கள், விரட்டினால் உட்கார்ந்துகொள்ளும். "நாளை ஆறரைக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் இது வேலை செய்யாது, மனம் நம்பாது. நிஜமாகவே மறுநாள் ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அது நம்ப ஆரம்பிக்கும். அதனால் கவலை இல்லாத நாளிலும் உட்காருங்கள். இணையத்தில் தேடுவதையும் அந்த அரை மணிக்குள் வையுங்கள், கைப்பேசி படுக்கைக்கு வரக்கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் விழித்துக் கிடந்தால் எழுந்து வெளிச்சம் குறைவான அறையில் உட்கார்ந்து, தூக்கம் வந்த பிறகு திரும்பிப் போய்ப் படுங்கள். இன்னும் இரண்டு மூன்று ராத்திரி இப்படியே போனால் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள், சில நாளுக்கு மட்டும் உதவிக்கு மருந்து உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரை வேண்டாம்.

பகலுக்கு, கை முழுக்க வேலை கேட்கிற ஏதாவது ஒன்று. அந்த வக்கீல் பரீட்சை ஆய்வைச் செய்தவர்களே பிறகு வேறு காத்திருப்பவர்களிடம் பார்த்தது, ஏதாவது வேலையில் நேரம் போவதே தெரியாமல் மூழ்கியவர்களுக்குத்தான் காத்திருப்பு கொஞ்சம் இலகுவானது என்பது. டி.வி. சீரியல் இதற்கு உதவாது. கண் திரையில் இருக்கும், மனம் மார்புக்குள் இருக்கும். துணி மடிப்பது, பாத்திரம் தேய்ப்பதும் உதவாது, கை தானாகச் செய்யும். கொஞ்சம் கஷ்டமாகவும், தப்பு செய்தால் உடனே தெரிவதாகவும் இருக்க வேண்டும். நான் அந்த 17 நாளில் கடைசி ஆறு நாள் மகளுக்கு லைனிங் வைத்த ரவிக்கை தைத்தேன். கைக்குழியில் அரை அங்குலம் தப்பினால் பிரித்துத் தைக்க வேண்டும், அந்த நேரத்தில் வேறு நினைப்பு வராது. மூன்று தைத்தேன். உங்களுக்குத் தையல் இல்லாவிட்டால் சிக்குக் கோலம், நாலு மூலையும் சேர வேண்டிய கணக்கு எதுவானாலும் சரி. ஆனால் ஊசி போட்ட பக்கத்துக் கையால் கனமான எதையும் இரண்டு மூன்று நாளுக்குத் தூக்காமல் இருந்தீர்களா? இப்போது ஐந்தாம் நாள், சாதாரண வேலை செய்யலாம்.

ஃபேக்டரிக்குப் போக முடிந்தால் போங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பகல் மிக நீளம்.

சொந்தக்காரர்கள் விஷயம் எழுத வேண்டும், நம் வீடுகளில் இதுவே ஒரு தனிச் சுமை. ஒருத்தரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஈப்போ வரை போய்விடும். பிறகு தினமும் எட்டு போன், "என்னம்மா, ஏதாவது தெரிந்ததா?" ஒவ்வொரு போனிலும் நீங்கள் புதிதாகப் பயந்து, அவர்களுக்கு வேறு ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் தப்பு, முக்கியமாக வீட்டுக்காரரிடம் மறைப்பது. இரண்டு பேர் போதும். ஒருவர் ரிசல்ட் வாங்கும் செவ்வாய்க்கிழமை கூட வருபவர். இன்னொருவர் மற்றவர்களுக்கு உங்கள் சார்பில் பதில் சொல்பவர், நாத்தனாரோ தம்பியோ, வாய் கட்டுப்பாடு உள்ளவர். யார் கேட்டாலும் "தேதி இன்னும் வரவில்லை, வந்ததும் நானே சொல்கிறேன்" என்று அவர் சொன்னால் போதும். தண்ணீர்மலையானுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நேர்த்திக்கடன் முடிந்துகொள்ளுங்கள், அதில் எனக்குச் சந்தோஷமே. "கத்தி பட்டால் பரவிவிடும், அந்த மருந்தைத் தின்றால் கட்டி கரைந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்று யாராவது சொன்னால் மட்டும் அன்பாகப் பேச்சை நிறுத்திவிடுங்கள். புற்றுநோய் என்று எழுதிய ரிப்போர்ட்டை வாங்க வராதவர்களின் பெயர்களை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து அதே பெயர் இன்னொரு பாட்டிலில் வரும். அப்போது துண்டு பெரிதாக இருக்கும்.

இரண்டு வாரக் காத்திருப்பு உங்கள் நோயை, இருந்தால், முற்ற வைத்துவிடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி கேட்டிருப்பீர்கள். மார்புக் கட்டிகள் வளர்வது மாதக் கணக்கில், வருடக் கணக்கில். எந்த வகை என்று தெரிந்துகொள்ளச் செலவாகும் இரண்டு வாரம் சிகிச்சையைச் சரியாகத் தொடங்குவதற்கான நாட்கள். வந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விடும் மாதங்கள்தான் ஆபத்து.

ஊசி போட்ட இடம் கறுத்து நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகிப் போய்விடும். காய்ச்சல் அடித்தால், அந்த இடம் சிவந்து சூடாக இருந்தால், வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், ரத்தம் நிற்காவிட்டால், அப்பாய்ன்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். மூச்சு முட்டுகிற பதற்றம் அடிக்கடி வந்தாலோ, இருப்பதை விட இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணம் வந்தாலோ அதுவும் அன்றே பார்க்க வேண்டியதுதான். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக அந்தச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் இரண்டு பதிலுக்குத்தான் தயாராகிறீர்கள், இருக்கிறது அல்லது இல்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு, அது தெரியாமல் போனவர்கள் டாக்டர் அறையிலேயே உடைந்துவிடுவார்கள். ஸ்கேன் ஒரு மாதிரி சொல்கிறது, சதை வேறு மாதிரி சொல்கிறது என்றால் மறுபடி எடுப்பார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் கொஞ்சம் ஒழுங்கு மாறியிருக்கின்றன என்றால் அந்த இடத்தை முழுதாக எடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். அது வந்தால் அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், ஊசி நுனியில் வந்த சதை எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சொல்லும். இன்னொரு காத்திருப்பு தொடங்கும், ஆனால் அதற்குள் போகும்போது நாற்காலியும் நோட்டும் உங்களுக்குப் பழகியிருக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே மூன்று கேள்வி எழுதி வையுங்கள், அன்று வாய் வராது. இதன் பெயர் என்ன, ரிப்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுதித் தர முடியுமா? ஸ்கேனில் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா? அடுத்து என்ன, எந்தத் தேதியில்? பதிலைக் கூட வருபவர் எழுதட்டும், நீங்கள் டாக்டர் முகத்தைப் பாருங்கள். ரிப்போர்ட் நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். முதல் ஃபெர்ரியில் வருவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் தவிர பட்டினி கிடக்கத் தேவையில்லை. அங்கே நம்பர் வரக் காலை முழுக்க ஆகலாம், தைக்க எடுத்த ரவிக்கையின் ஹெம்மிங் மிச்சம் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.